முருகனுக்கு: அந்த விலை கூடிய மாத்திரை பற்றி

அன்புள்ள முருகா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் வார்டிலிருந்து போன் வந்துவிடுகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் பி.ஃபார்ம் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள், பி.காம் சேர்ந்திருக்கிறாள், நமக்குப் பின்னால் இந்தத் தொழிலுக்கு நம் வீட்டில் ஆள் இல்லை. கடைக்குப் பக்கத்து இடத்தையும் வாங்கிவிட்டாய் என்று கேட்டு சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பூஞ்சைத் தொற்று என்று ரிப்போர்ட்டும் இல்லை, அப்புறம் ஏன் ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு இத்தனை விலையில் போசகோனசோல் மாதக்கணக்கில் எழுதுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். வராமல் தடுக்கத்தான். ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு முதல் கீமோ கொடுத்ததும், கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுவான நியூட்ரோபில் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கி இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது, நீயும் நானும் தினமும் சுவாசிக்கிறோம், நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர்களுக்கு அது நுரையீரலில் முளைத்துவிடும், சி.டி.யில் தெரியும்போது பல சமயம் தாமதமாகிவிடுகிறது. நாம் விற்கிற ஃப்ளூகோனசோல் கேண்டிடாவைப் பார்த்துக்கொள்ளும், ஆஸ்பர்ஜில்லஸை ஒன்றும் செய்யாது. 2007-இல் வந்த பெரிய ஆய்வில், இந்த நோயாளிகளில் போசகோனசோல் எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கும், ஃப்ளூகோனசோல் அல்லது இட்ராகோனசோல் எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் தீவிரப் பூஞ்சைத் தொற்று வந்தது, இறப்பும் குறைந்தது. அதற்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது.

இன்னொரு கூட்டம், வேறொருவரின் மஜ்ஜையைப் பெற்று, அந்தப் புது அணுக்கள் உடம்பையே தாக்கத் தொடங்கி, அதை அடக்க ஸ்டீராய்டு ஏராளமாக வாங்குகிறவர்கள். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் ஸ்டீராய்டு அவற்றின் கையைக் கட்டிப்போட்டிருக்கும். உன் கடைக்கு வந்தவர் இந்த இரண்டாவது ரகமாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் இது கிடையாது. தன் அணுக்களையே திருப்பி ஏற்றிக்கொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஃப்ளூகோனசோலே போதும். ஏ.எல்.எல். என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து போடுவதால் போசகோனசோலைக் கூடியவரை தொடுவதே இல்லை, இரண்டும் சேர்ந்தால் வின்கிறிஸ்டின் உடம்பில் தங்கி நரம்பைக் கெடுத்து, குடலையும் அசையாமல் நிறுத்திவிடும்.

இனி நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. கொஞ்ச காலம் முன்பு எங்களிடம் ஒருவர் மறுபரிசோதனைக்கு வந்தார். மஜ்ஜை மாற்று முடிந்து ஊருக்குப் போனவர், புது அணுக்களை அடக்கிவைக்கும் டாக்ரோலிமஸ் அரை மில்லிகிராம் இரண்டு வேளை, ஸ்டீராய்டு, பாண்டோப்ரசோல், கூடவே போசகோனசோல் 300 மி.கி. தினம் ஒரு தடவை. அவருக்கு ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை 5-க்கும் 10-க்கும் நடுவில் வைத்திருந்தோம், போகும்போது 8 இருந்தது. வந்தபோது 3. மாத்திரையை விடவில்லை என்று சத்தியம் செய்கிறார், மனைவியும் ஆமாம் என்கிறார். டியூட்டி டாக்டர் டாக்ரோலிமஸை இரட்டிப்பாக்கலாம் என்று பேனாவை எடுத்துவிட்டார். நான் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளே மாத்திரை ஸ்ட்ரிப் இல்லை, போசகோனசோல் சஸ்பென்ஷன் பாட்டில் இருந்தது, லேபிள் மேல் பேனாவில் ‘7.5 மி.லி., ஒரு வேளை’ என்று எழுதியிருந்தது. ஊரில் மாத்திரை ஸ்டாக் இல்லை, ‘ரெண்டும் ஒரே மருந்துதான்’ என்று கடையில் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கு என்னவோ சரி. மி.லி.க்கு 40 மி.கி., 7.5 மி.லி.யில் 300. ஆனால் இந்த மருந்தில் மாத்திரையும் சஸ்பென்ஷனும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம் கிடையாது. சஸ்பென்ஷன் என்றால் 200 மி.கி. வீதம் மூன்று வேளை, அதுவும் கொழுப்புள்ள சாப்பாட்டோடு. வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது கரைந்து உடம்பில் சேரும், இவரோ பாண்டோப்ரசோல் போட்டு அமிலத்தை அடக்கிவிட்டு, வாய்ப்புண்ணால் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். மாத்திரை குடலில் போய்க் கரைவதால் இதெல்லாம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. (அதனால்தான் அதைப் பொடித்தும் கொடுக்கக் கூடாது, முழுங்க முடியவில்லை என்று சொன்னால் உடனே டாக்டரிடம் திருப்பி அனுப்பு.)

அப்புறம் டாக்ரோலிமஸ் ஏன் இறங்கியது? அதைச் சிதைக்கிற சிஒய்பி3ஏ4 என்சைமைப் போசகோனசோல் முடக்கிவிடும். அதனால் போசகோனசோல் தொடங்கும்போதே டாக்ரோலிமஸை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவோம், இவருடைய அரை மில்லிகிராம் அப்படி வந்ததுதான். போசகோனசோல் ரத்தத்தில் இல்லாமல் போனதும் என்சைம் விழித்துக்கொண்டது, அந்தக் குட்டி டோஸ் கரைந்துபோனது. போசகோனசோல் அளவும் அனுப்பினோம், அடுத்த டோஸ் போடுவதற்கு முன் எடுத்த ரத்தம். தடுப்புக்கு மி.லி.க்கு 0.7 மைக்ரோகிராமாவது வேண்டும், அவருக்கு 0.2. அந்த ரிசல்ட் வெளி லேபிலிருந்து வர நாளாகும், டாக்ரோலிமஸ் ரிசல்ட் அன்றே வந்துவிடும், எனவே முதலில் காட்டிக்கொடுத்தது டாக்ரோலிமஸ்தான்.

டோஸை இரட்டிப்பாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் பார். மாத்திரையைச் சரியாகத் தொடங்கியதும் என்சைம் மறுபடி முடங்கி, இரட்டிப்பு டாக்ரோலிமஸ் எகிறி, கை நடுங்கி, கிரியாட்டினின் ஏறி, பொட்டாசியமும் ஏறியிருக்கும். டாக்டரிடம் சொன்னேன், அவரும் யோசித்து டோஸைத் தொடாமல் விட்டார். மாத்திரை முதல் நாள் 300 இரண்டு வேளை, பிறகு தினம் 300. டாக்ரோலிமஸை ஒன்றுவிட்ட நாள் பார்த்தோம், ஒரு வாரத்துக்குள் 7-க்கு வந்துவிட்டது. போசகோனசோல் நிலைபெற ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், ஏழாம் நாள் பார்த்ததில் 1.1. நெஞ்சு சி.டி.யும் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது.

மாத்திரை எடுக்கிற எல்லோருக்கும் அளவு பார்க்கத்தான் வேண்டுமா என்று டாக்டர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, ஏனென்றால் பெரும்பாலோருக்கு அது போதுமான அளவில் வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் வயிற்றுப்போக்கு இருந்தாலோ, உடம்பு பெருத்தவராக இருந்தாலோ, மருந்து ரகம் மாறினாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். நம் ஊரில் டி.பி.யும் சகஜம், ரிஃபாம்பிசின் சேர்ந்தால் போசகோனசோல் அளவு சரிந்துவிடும், ஃபெனிடோயினும் அப்படித்தான். அளவு கூடினாலும் தொல்லை உண்டு, பிரஷர் ஏறிப் பொட்டாசியம் இறங்கினால் எங்களுக்கு முதலில் இதன் மேல்தான் சந்தேகம் வரும்.

உன் கடைக்கு வருகிறவரிடம் வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டு வை. கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடினோ அடார்வாஸ்டாடினோ இருந்தால் இதோடு சேரக் கூடாது, தசை கரைந்துவிடும். ஸ்டாக் இல்லையென்றால் மாற்றிக் கொடுக்காமல் எனக்குப் போன் போடு, பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன், மாத்திரை மறுநாள் காலை உனக்குக் கிடைத்துவிடும். அவருக்கு ஒரு நாள் தவறினால்கூடப் பரவாயில்லை, இந்த மருந்து உடம்பைவிட்டு மெதுவாகத்தான் போகும்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுதவில்லையே? தேதி தெரிந்ததும் சொல், நானும் வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்