வகைப்பாட்டு அறைக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். உட்கார்ந்து எறியும் பாரா தடகள வீரர்களோடு வேலை செய்யும் இயன்முறை மருத்துவர் நான். சமீபத்தில் வகைப்பாட்டு அறை வாசலில் ஒரு பயிற்சியாளர் தன் வீரரிடம் குனிந்து சொன்னது காதில் விழுந்தது: "உள்ளே கையை அழுத்திப் பார்ப்பாங்க. ரொம்ப எதிர்க்காதே, கொஞ்சம் விட்டுக்கொடு." அன்று முழுக்க மனசு சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வகைப்பாடு என்பது மருத்துவச் சான்றிதழில் இருக்கும் நோயின் பெயருக்குத் தரும் எண் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தக் குறைபாடு இந்த விளையாட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் கேள்வி. அதை வைத்துத்தான் யார் யாரோடு போட்டியிடுவது என்று முடிவாகிறது. தண்டுவடத்தில் அடிபட்ட இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். சான்றிதழில் இருவருக்கும் 'கால்கள் செயலிழப்பு' என்றுதான் இருக்கும். முதலாமவருக்கு நெஞ்சு மட்டத்தில் முழுக் காயம். கைகளும் விரல்களும் நன்றாக இருக்கின்றன, வயிற்றுத் தசைகள் சுத்தமாக வேலை செய்யாது. இரண்டாமவருக்குக் காயம் இன்னும் கீழே. உடற்பகுதி முழுக்கக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, தொடையைக் கொஞ்சம் தூக்கவும் முடிகிறது.

இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டி, முன்னால் சாய்ந்து நிமிரச் சொல்லுங்கள். இரண்டாமவர் நிமிர்ந்துவிடுவார். முதலாமவர் கையை ஊன்றாமல் நிமிர முடியாது, சாய்ந்தால் சாய்ந்ததுதான். இதையே எறியும் இருக்கையில் பாருங்கள். முதலாமவர் ஒரு கையால் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் பலத்தை மட்டும் வைத்து எறிகிறார். இரண்டாமவர் பின்னால் நன்றாகச் சாய்ந்து, உடம்பைத் திருப்பி, சுழற்றி எறிகிறார். வட்டு கையை விட்டுப் போவதற்குள் அதை உந்தித்தள்ளக் கிடைக்கும் தூரம் அவருக்கு அதிகம், அதனால் வேகமும் அதிகம். முதலாமவர் எஃப்54 வகை, இரண்டாமவர் எஃப்56 வகை. எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். ஒரே போட்டியில் இருவரையும் உட்காரவைத்தால், யார் நன்றாகப் பயிற்சி எடுத்தார் என்பதைத் தூரம் காட்டாது. காயம் எந்த மட்டத்தில் என்பதைத்தான் காட்டும்.

கையைப் பாதித்த காயம் என்றால் வகை இன்னும் கீழே இறங்கும். எஃப்52 வீரருக்குத் தோள் நன்றாக இருக்கும், விரல்களால் வட்டை இறுகப் பிடிக்க முடியாது. பலவீனமாகக் காட்டிக்கொண்டு கீழ் வகையில் சுலபமாக ஜெயிக்கலாம் என்று 'கொஞ்சம் விட்டுக்கொடு' யோசனை பிறப்பதும் இந்த விரல் விஷயத்தில்தான்.

தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். தசை துளியும் சுருங்கவில்லை என்றால் 0. புவியீர்ப்பை எதிர்த்து முழுதாக அசைத்தால் 3. பலமாக அழுத்தினாலும் தாக்குப்பிடித்தால் 5. வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பவரின் கை விட்டுவிட்டுத் தளரும், உண்மையில் பலவீனமான தசை ஒரே சீராக இறங்கும். ஒரே தசையை வேறு நிலையில் மறுபடி சோதிப்பார்கள். அப்புறம் இருக்கையில் எறியச் சொல்வார்கள். அதோடும் முடியாது, முதல் போட்டியில் களத்திலேயே கவனிப்பார்கள். 'விரல் மடங்காது' என்றவர் அங்கே தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தால் அதையும் பார்ப்பார்கள்.

டோக்கியோ பாராலிம்பிக்கில், 2021இல், எஃப்52 வட்டெறிதலில் இந்திய வீரர் ஒருவர் 19.91 மீட்டர் எறிந்து மூன்றாவதாக வந்தார். வகைப்பாட்டுக் குழுவால் அவருக்கு எந்த வகையையும் ஒதுக்க முடியவில்லை. முடிவு செல்லாது என்றானது, பதக்கமும் போனது. வேண்டுமென்றே தவறாகக் காட்டினால் தடை உண்டு. அதற்குத் துணைபோன பயிற்சியாளருக்கும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல பயிற்சியால் ஒருவர் மேல் வகைக்குத் தள்ளப்படக் கூடாது என்பது கொள்கை. ஆனால் பாதி மட்டும் செயலிழந்த தசை, பயிற்சியில் 3இலிருந்து 4ஆக உயரலாம். உழைத்ததற்கே தண்டனை கிடைத்த மாதிரி அந்த வீரர் உணர்வார், அதில் நியாயமும் இருக்கிறது. கையால் அழுத்திப் பார்க்கும் சோதனைக்கு இது தீராத சிக்கல். அதற்கு வழி விதிப்படி எதிர்ப்பு மனு கொடுப்பது, மறுபரிசீலனை கேட்பது. நடிப்பது வழி ஆகாது.

அடுத்த முறை வரும்போது மருத்துவ அறிக்கைகள், மருந்துப் பட்டியல், வீரர் தினமும் எறியும் அதே இருக்கை, அதே பெல்ட் எல்லாம் கொண்டுவாருங்கள். முந்தின நாள் கடும் பயிற்சி வேண்டாம். உள்ளே அவருடன் ஒருவர் போகலாம். நீங்கள் போனால், கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி