ஃபாலோ-அப் மெயில் எழுதுற டீம் லீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

எல்லா டீம் லீடுகளுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

"ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்"னு ஆரம்பிக்கிற மெயிலை தயவுசெஞ்சு நிறுத்துங்கன்னு கேட்கத்தான் இதை எழுதுறேன். மரியாதை குறையுதுன்னு மட்டும் சொல்லல. அந்த மாதிரி மெயில்ல என்ன வேணும்ங்கிறதே காணாம போயிடுது, என் பெரிய வருத்தம் அதுதான்.

ஒரு உதாரணம் பாருங்க. டெஸ்டிங் டீம் 3ஆம் தேதி டேட்டா டீம் கிட்ட கஸ்டமர் லிஸ்ட் கேட்குது, 5ஆம் தேதிக்குள்ள வேணும்னு. வரல. 6ஆம் தேதி "ஜென்டில் ரிமைண்டர்"னு ஒரு வரி போகுது. 9ஆம் தேதி திங்கக்கிழமை காலைல, மேனேஜரையும் சிசி-ல போட்டு இப்படி ஒரு மெயில்: "ஏற்கனவே சொன்ன மாதிரி, இதுக்காக நாங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்கோம். நீங்க பிஸின்னு தெரியும், கொஞ்சம் பார்த்தா நல்லாருக்கும்."

இதுல எந்த ஃபைல்னு இல்ல, எப்போ வேணும்னு இல்ல, வரலைன்னா என்ன நிக்கும்னும் இல்ல. புதுசா சிசி-ல வந்த மேனேஜர் அஞ்சு மெயில் கீழ ஸ்க்ரோல் பண்ணி தேடணும். டேட்டா டீம்ல இருக்கிறவருக்கோ "நீ வேலை செய்யல"ங்கிறது மட்டும்தான் காதுல விழும், அதனால அவர் முதல்ல தன்னை காப்பாத்திக்க பழைய மெயிலை எல்லாம் தோண்டி எடுத்து பதில் போடுவார், அதுக்கு இவங்க ஒரு பதில், அதுலயே அரை நாள் போயிடும், லிஸ்ட் அப்பவும் வந்திருக்காது.

அதே மெயிலை இப்படி எழுதலாம்:

"3ஆம் தேதி கேட்ட கஸ்டமர் லிஸ்ட் இன்னும் எங்களுக்கு வரல. அது இல்லாம டெஸ்டிங் ஆரம்பிக்க முடியாது. டெஸ்டிங்குக்கு ரெண்டு நாள் ஆகும், அதனால 11ஆம் தேதி புதன் மதியம் 12 மணிக்குள்ள வந்தாதான் 13ஆம் தேதி ரிலீஸ் தள்ளிப்போகாது. அதுக்குள்ள முடியாதுன்னா எந்த தேதிக்கு முடியும்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. ரிலீஸ் தேதி மாறினா முடிவு எடுக்க வேண்டியிருக்கும்ங்கிறதால மேனேஜரை சேர்த்திருக்கேன்."

பிரச்சனையை இதுல எங்கயும் மறைக்கல, சொல்லப்போனா முதல் மெயிலை விட கறாராவே இருக்கு. ஆனா "நீங்க அனுப்பல"ன்னு சொல்லாம "எங்களுக்கு வரல"ன்னு இருக்கு. இந்த வித்தியாசம் முக்கியம். ஏன்னா அவர் ஏன் அனுப்பலன்னு, இல்ல அனுப்பவே இல்லையான்னு கூட நமக்கு தெரியாது. ஒருவேளை அப்ரூவலுக்காக அவரும் காத்துக்கிட்டு இருக்கலாம், வேற ஃபோல்டர்ல போட்டிருக்கலாம். "வரல"ன்னா அதை அவர் தயக்கமில்லாம சொல்லுவார், குத்திக் காட்டினா சொல்ல மாட்டார். சிசி-க்கு காரணம் எழுதினதும் இதுக்குத்தான், காரணம் இல்லாம மேலதிகாரியை சேர்த்தா போட்டுக்குடுக்கிற மாதிரிதான் படும்.

அனுப்புறதுக்கு முன்னாடி சந்தேகமா இருக்கிற வரியை எடுத்துட்டு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. தகவல் எதுவும் குறையலைன்னா அந்த வரி வெறும் கோபம்தான். "நீங்க கவனிக்கலையோ என்னவோ", "மறுபடியும் சொல்றேன்", "நான் சொல்றது தப்புன்னா திருத்துங்க" இதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். "இன்னும்"ங்கிற சொல் மட்டும் இடத்தைப் பொறுத்தது. "லிஸ்ட் இன்னும் வரல"ங்கிறது நிலவரம், "நாங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்கோம்"ங்கிறது குத்தல்.

இதுக்கு எதிர்பக்கமும் ஒரு தப்பு நடக்குது. நல்ல பேர் எடுக்கணும்னு "ஒண்ணும் அவசரமில்ல, டைம் கிடைக்கும்போது பாருங்க"ன்னு எழுதிட்டு மனசுக்குள்ள புழுங்குறது. ரிலீஸ் 13ஆம் தேதின்னா அவசரம்தானே, அதை எழுதுங்க. அடுத்தவருக்கு உண்மையான தேதியே தெரியாம போனா பொறுப்பு அவரோடது இல்ல.

ஒவ்வொரு ரிலீஸ்லயும் ஒரே தாமதம்னா அது வேற விஷயம். அதை ஒரு ஃபாலோ-அப் மெயிலுக்குள்ள ஜாடையா நுழைக்காதீங்க. "கடைசி மூணு ரிலீஸ்லயும் லிஸ்ட் கேட்ட தேதிக்கு அப்புறம்தான் வந்துச்சு, கேட்ட தேதியும் வந்த தேதியும் கீழ இருக்கு, எங்க தடை வருதுன்னு பேசலாமா"ன்னு சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தனியா எழுதிட்டு, மீதியை கால்ல பேசுங்க. மெயில்ல குரல் கேக்காது, நீங்க சாதாரணமா எழுதினதையும் அவர் திட்டா படிக்க வாய்ப்பு இருக்கு.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க டீம்ல ரிமைண்டருக்குன்னு ஒரு டெம்ப்ளேட் வெச்சிருப்பீங்க, "ஜென்டில் ரிமைண்டர், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்"னு. புதுசா சேர்றவங்க அதைப் பார்த்துதான் எழுதக் கத்துக்கிறாங்க. அதை எடுத்துட்டு, என்ன வரல, அதனால எது நிக்குது, எப்போ வேணும், முடியலைன்னா எப்போ பதில் சொல்லணும்னு நாலு காலி இடம் விட்டு ஒண்ணு வெச்சுடுங்க. சப்ஜெக்ட் லைன்லயும் "ரிமைண்டர் 2"ன்னு போடாம "கஸ்டமர் லிஸ்ட், 11ஆம் தேதிக்குள்ள தேவை"ன்னு இருக்கட்டும்.