அண்ணாச்சிக்கு மூன்று வழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பங்குனியில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டடம்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. நாலு வகுப்பறை, 44 லட்சம், மே கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். தூண்கள் எழும்பிவிட்டன. போன வாரம் கட்டடத்துக்குப் பணம் போடுகிற அண்ணாச்சி வந்தார். "பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஹாலும் போட்டுவிடு. அதே பணம், அதே தேதி" என்றார். பாளை மார்க்கெட்டில் கறிவேப்பிலை கொசுறு கேட்கிற மாதிரி!

முடியாது என்றால் முகம் சுருங்கிவிடும். சரி என்றால் கம்பியிலும் சிமெண்டிலும் கை வைக்க வேண்டும். நம் கொத்தனார் அதற்கும் தயார். அவனைப் பற்றி உனக்குத் தெரியாதா?

அன்று ராத்திரி மூன்று வழி எழுதினேன். காலையில் படித்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. எனக்குப் பிடித்த ஒன்று, அதற்குத் துணையாக இரண்டு பொம்மைகள். ஐம்பது வருடம் வியாபாரம் பார்த்தவர், மோந்தே கண்டுபிடித்துவிடுவார். கிழித்துப் போட்டேன். எதைத் தொட்டாலும் நான் மனதாரச் செய்து கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மறுபடி உட்கார்ந்தேன்.

முதல் வழி, நாலாவது வகுப்பறையை விட்டுவிட்டு அந்த இடத்தில் ஹால். பணமும் தேதியும் மாறாது. இரண்டு வகுப்பு ஒரே அறையில் நெருக்கியடிக்கும். இரண்டாவது, எல்லாமே உண்டு. 11 லட்சம் கூடும், ஆகஸ்டில் முடியும். இன்னும் ஆளைப் போட்டால் சீக்கிரம் முடியாதா என்று கேட்பார் என்று தெரியும். ஹாலுக்கு 22 அடி பீம். காங்கிரீட் போட்டு 21 நாள் அடியில் தாங்குகிற முட்டுக்கம்புகளை எடுக்கக் கூடாது. நூறு பேர் நின்றாலும் அது 21 நாள்தான்.

மூன்றாவது வழி, 'ஹால் எதற்கு அண்ணாச்சி?' என்று கேட்ட பிறகு வந்தது. வேப்ப மரத்தடியில் மழைக்குப் பிள்ளைகள் தட்டோடு ஓடுவதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அப்படியானால் இரண்டு வகுப்பறைக்கு நடுவே செங்கல் சுவருக்குப் பதில் மடக்குக் கதவு; சாப்பாட்டு நேரத்தில் மடக்கினால் அதுவே ஹால். பாரம் தூணிலும் பீமிலும் நிற்பதால் அந்தச் சுவர் இல்லாவிட்டாலும் கட்டடம் நிற்கும். கூடுகிற ஒன்றரை லட்சத்துக்கு முற்றத்துத் தளக்கல்லை விட்டுவிடலாம். ஆனால் ஒரு வகுப்பின் சத்தம் அடுத்த வகுப்பில் கேட்கும்.

எல்லாம் ஒரே தாளில். ஒவ்வொன்றிலும் கிடைப்பதற்குப் பக்கத்திலேயே போவதையும் எழுதினேன். அடியில் ஒரு தேதியும் போட்டேன்: வருகிற சனிக்கிழமை. அதன் பிறகு அந்தச் சுவருக்குச் செங்கல் ஏறிவிடும்; இடிக்கிற கூலியும் சேரும்.

எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிய இரண்டு லட்சத்தைப் பார்த்ததும் "இது சும்மாதானே கிடக்கிறது" என்றார். அது குடை அண்ணாச்சி, வெயிலில் விற்றுவிடாதீர்கள் என்றேன். சிரித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்றாவதின் பக்கம் சாய்கிறார் என்று தோன்றுகிறது.

அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். தங்கச்சி இருபது வருடமாக வகுப்பெடுக்கிறவள். பக்கத்து அறையில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது மடக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் பாடம் நடத்த முடியுமா என்று கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் போன் செய். முடியாது என்றால் அதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும்.

உன்
இசக்கி