வகுப்பு எது, பாடம் எது, நேரம் எவ்வளவு? கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய கணக்கு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் யார், ஏன் எழுதுகிறேன் என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். பணி ஓய்வு பெற்ற பிறகு, கேட்பவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதிக் கொடுத்து வருகிறேன். அதற்குக் காசு வாங்கியதில்லை. இனியும் வாங்கப்போவதில்லை. அந்த உரிமையில்தான் சற்றுக் கடுமையாகவே இந்த மடலை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஞாயிறு இரவு 9.40 மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. "டீச்சர், நாளை முதல்வர் என் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். கணக்குப் பாடக்குறிப்பு ஒன்று அவசரமாக வேண்டும்." அவ்வளவுதான். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை நிமிடம் என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. அவர் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டிய அவர் தூங்கிவிட்டார், ஓய்வு பெற்ற நான் விழித்திருந்தேன்.

பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் முதன்முதலாக வகுப்புப் பார்வைக்கு அலுவலர் வந்த நாள் நினைவிருக்கிறது. ஆகவே ஊகித்தேன். அந்த மாதம் என்னிடம் கேட்டவர்களில் பலர் ஆறாம் வகுப்புப் பின்னங்களைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே பாடவேளை போதவில்லை என்றும் குறைப்பட்டிருந்தார்கள். சரி, ஆறாம் வகுப்பு, வேற்றினப் பின்னங்களின் கூட்டல், இரண்டு பாடவேளை சேர்த்து 80 நிமிடம் என்று முடிவு செய்து, 11.30 மணி வரை உட்கார்ந்து எழுதி அனுப்பினேன்.

மறுநாள் மதியம் தொலைபேசியில் அழைத்தார். "குறிப்பு மிகவும் நன்றாக இருந்தது டீச்சர். பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை" என்றார். அவருடையது நான்காம் வகுப்பு. 36 பிள்ளைகள். பாடவேளை 35 நிமிடம். அரை, கால் என்று பின்னம் அப்போதுதான் அறிமுகமாகிறது.

அந்த 35 நிமிடத்தில் நடந்ததை அவரே சொன்னார். கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதியிருக்கிறார். பிள்ளைகள் ஒரே குரலில் 2/5 என்றிருக்கிறார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது தவறே இல்லை. தெரிந்த கூட்டலைத் தெரிந்தபடி செய்திருக்கிறது. இதைத் திருத்த 12 செ.மீ. நீளக் காகிதப் பட்டைகளைக் குறிப்பில் சொல்லியிருந்தேன். அரைப் பட்டை 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ., இரண்டையும் முனையோடு முனை வைத்தால் 10 செ.மீ., அதாவது பன்னிரண்டில் பத்து, சுருக்கினால் 5/6. பிள்ளைகள் சொன்ன 2/5 என்பதோ அதே பட்டையில் 4.8 செ.மீ.தான். கையில் இருந்த அரைப் பட்டையைவிடவும் சிறியது. கூட்டிய பிறகு குறைந்துபோன கூட்டல் எப்படிச் சரியாகும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பாடமே.

நான்காம் வகுப்பில் அந்தக் கேள்வி எழவில்லை. எழ வழியும் இல்லை. கால் பெரியதா அரை பெரியதா என்பதே அவர்களுக்கு இன்னும் உறுதிப்படவில்லை. பட்டைகளை முன்கூட்டி வெட்டிவைக்க நேரமில்லாததால், வகுப்பிலேயே அளந்து வெட்டச் சொல்லியிருக்கிறார். ஐந்தாறு கத்தரிக்கோல்களுக்கு 36 பிள்ளைகள். பாதிப் பேர் வெட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. முதல்வர் தம் குறிப்பேட்டில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதில் அந்த ஆசிரியர் ஒருவரைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. உங்களில் பலர் இப்படித்தான் கேட்கிறீர்கள். "நல்லதாக ஒன்று அனுப்புங்கள்", "எளிமையாக இருக்கட்டும்", "செயல்பாடு இருக்க வேண்டும்" என்றெல்லாம் வருகிறது. நல்லது, எளியது என்பதெல்லாம் யாருக்கு என்று தெரிந்த பிறகுதானே? தையற்காரரிடம் போய், அளவு கொடுக்காமல், துணியும் கொடுக்காமல், "நன்றாக ஒரு சட்டை தைத்துவையுங்கள்" என்று யாராவது சொல்வார்களா? அவர் தைத்தும் கொடுப்பார். யார் போட்டுக்கொள்வது?

ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியரின் வழிவந்தவர்கள் வகுத்த ஐந்து படிகளைக் கல்வியியல் கல்லூரியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்கள்தாம். முதல் படி ஆயத்தம். பிள்ளைக்கு முன்பே என்ன தெரியும் என்று பார்த்து, அதன்மேல் புதியதை ஏற்றி வைப்பது. வகுப்பைச் சொல்லாவிட்டால் இந்த முதல் படியிலேயே எழுதுகிறவர் கை நின்றுவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளை தோசையைப் பங்கிட்ட அனுபவத்தோடு வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை சமான பின்னங்களோடு வருகிறது, அல்லது வந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே ஆயத்தம் கிடையாது.

பாடப்பொருளும் அப்படித்தான். "பின்னம்" என்று மட்டும் சொன்னால் போதாது. அது தொடக்கப்பள்ளியில் தொடங்கி நடுநிலை வரை வகுப்புக்கு வகுப்பு திரும்பத் திரும்ப வரும் பாடம். காகிதத்தை மடிப்பதும் பின்னம், பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதும் பின்னம். எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள், நேற்று எதில் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நேரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறீர்கள், அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அந்த ஆசிரியர் மூன்றையும் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று காட்டுகிறேன். நான்காம் வகுப்பு, அரையும் காலும், 35 நிமிடம். முதல் 5 நிமிடம் வருகைப் பதிவும் ஒரே ஒரு கேள்வியும்: ஒரு தோசையை இரண்டு பேர் சமமாகப் பங்கிடுவது, அதே அளவுத் தோசையை நான்கு பேர் பங்கிடுவது, எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய துண்டு? அடுத்த 12 நிமிடம் காகிதப் பட்டையை மடிப்பது. பட்டைகள் முந்தைய நாளே வெட்டி, வரிசைக்கு ஒரு கட்டாக வைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுப்பதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். ஒரு மடிப்பில் அரை, இன்னொரு மடிப்பில் கால். பிறகு 8 நிமிடம் அரைப் பட்டையையும் கால் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவது. இரண்டைவிட நான்கு பெரியது, ஆகவே காலே பெரியது என்று சில பிள்ளைகள் கட்டாயம் சொல்வார்கள். சொல்லட்டும், திருத்த அவசரப்படாமல் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த 6 நிமிடம் தனி வேலை. நான்கு சதுரங்கள் வரைந்து தர வேண்டும். அவற்றில் ஒன்று இரண்டாகப் பிரிந்திருக்கும், ஆனால் சமமாக இருக்காது. அதையும் அரை என்று குறிக்கும் பிள்ளைக்கு "இரண்டு துண்டு" என்பது மட்டும் பதிந்திருக்கிறது, "சமம்" பதியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். மீதி 4 நிமிடம் அந்தச் சதுரத்தைப் பற்றிப் பேசுவதற்கு. மணி அடிக்கும்.

இதையே 80 நிமிடத்துக்கு இழுத்தால் பிள்ளைகள் பட்டையில் விமானம் செய்வார்கள். 80 நிமிடக் குறிப்பை 35 நிமிடத்துக்குள் அடைத்தால், வெட்டுப்படுவது எப்போதும் கடைசியில் இருக்கும் மதிப்பீடுதான். புரிந்ததா என்று பார்க்க வேண்டிய பகுதிதான் முதலில் போகிறது. அப்புறம் பாடம் நடந்தது, பிள்ளைகளுக்கு வரவில்லை என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

உங்கள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. பாடக்குறிப்பேட்டில் ஏடு நிறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சிவப்பு மையில் கையெழுத்திடுகிறவர்கள், எந்த வகுப்புக்கு, எத்தனை நிமிடத்துக்கு என்று ஒரு நாளாவது கேட்டார்களா? நான் பணியில் இருந்தபோது, குறிப்பில் 40 நிமிடத்துக்குள் ஏழு செயல்பாடுகள் எழுதியிருந்த ஒரு நண்பருக்கு "மிக நன்று" கிடைத்தது. அத்தனையையும் அவரால் எப்படி நடத்த முடிந்தது என்று ஆய்வுக்கு வந்தவர் கேட்கவில்லை. அவரும் நடத்தவில்லை. ஏட்டுக்கு எழுதப்படும் குறிப்புக்கு வகுப்பும் வேண்டாம், நேரமும் வேண்டாம், கையெழுத்து அழகாக இருந்தால் போதும். அந்தப் பழக்கம்தான் இப்போது நள்ளிரவுச் செய்திகளாக என்னிடம் வந்து சேர்கிறது. கடையில் விற்கும் உரைநூல்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது சிறிய உதவி. பாடக்குறிப்பு கேட்கும்போது வகுப்பு, பாடப்பொருள், நேரம் என்ற மூன்றையும் அருள்கூர்ந்து எழுதுங்கள். "5ஆம் வகுப்பு, சமான பின்னங்கள், 40 நிமிடம்" என்று ஒரே வரி. பிள்ளைகள் எத்தனை பேர் என்று சேர்த்தால் மகிழ்ச்சி, ஆனால் அதை நானே கேட்டுக்கொள்வேன். மற்ற மூன்றையும் ஊகிக்க என்னால் முடியாது. ஊகித்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

இன்றிலிருந்து, இந்த மூன்றும் இல்லாமல் வரும் செய்திக்கு அதே மூன்று கேள்விகளைத்தான் பதிலாக அனுப்புவேன். பதில் வந்த பிறகே எழுத உட்காருவேன். இரவு 9 மணிக்குமேல் வருவதை மறுநாள் காலை பார்ப்பேன். சென்ற திங்களன்று பட்டை வெட்ட முடியாமல் போன அந்த நான்காம் வகுப்புக்காக 72 பட்டைகள் வெட்டி வைத்திருக்கிறேன், ஒரு பிள்ளைக்கு இரண்டு வீதம். அந்த ஆசிரியர் எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். எத்தனை மணிக்கு வருகிறார் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை