ஒன்பது நாளுக்கு இரண்டு மாத வட்டி, அந்த வட்டிக்கும் வரி: நேரடி வரி விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கும் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையின் பங்குதாரர்களில் நான் ஒருவன். எங்களுக்கென்று தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் பறித்துத் தரும் பசுந்தேயிலையை வாங்கித் தூளாக்கி, குன்னூர் ஏலத்தில் விற்கிறோம். சென்ற வாரம் எங்கள் வருமான வரிக் கணக்கைப் பரிசீலித்த அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தது. 2,400 ரூபாய்ச் செலவை ஏற்க மறுத்து, அதை லாபத்தோடு சேர்த்திருந்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த 2,400 ரூபாய், மூலத்தில் பிடித்த வரியை ஒரு நாள் தாமதமாகக் கட்டியதற்கான வட்டி. நடந்ததைச் சொல்கிறேன். முந்தைய ஆண்டு அக்டோபர் 31 அன்று ஆள் ஒப்பந்ததாரர், இயந்திரப் பழுது பார்த்தவர், கிடங்கு உரிமையாளர் ஆகியோரின் பில்களைக் கணக்கில் ஏற்றி, அவர்களுக்கான டி.டி.எஸ். 80,000 ரூபாயைப் பிடித்தோம். அதைக் கட்ட நவம்பர் 7 வரை அவகாசம். ஆறாம் தேதி மாலை பணம் வங்கிக் கணக்கில் தயாராக இருந்தது. அன்றிரவே வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது. விடிவதற்குள் மின்சாரம் போனது, இணையக் கம்பி அறுந்தது. மதியத்துக்குள் கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிட்டது. எங்கள் கணக்காளர் மழையில் நான்கு கிலோமீட்டர் நடந்து வங்கிக்குப் போனார். அங்கேயும் இணைப்பு இல்லை. எட்டாம் தேதி பிற்பகல் இணைப்பு வந்த உடனே சலான் கட்டினோம்.

ஒரு நாள் தாமதத்துக்கு என்ன வட்டி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு நாள் வட்டி என்றுதான் சொல்வார்கள். சட்டக் கணக்கு வேறு. பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால், கெடு முடிந்த நாளிலிருந்து வட்டி ஓடுவதில்லை, வரியைப் பிடித்த நாளிலிருந்தே ஓடுகிறது. மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம். அந்த மாதத்தையும் முப்பது நாளாக எண்ணாமல், நாட்காட்டி மாதமாக எண்ணுகிறார்கள். ஆகவே அக்டோபர் 31 என்ற ஒற்றை நாள் ஒரு மாதமாகிவிட்டது. நவம்பரின் எட்டு நாட்கள் இன்னொரு மாதம். ஒன்பது நாளுக்கு மூன்று சதவீதம், அதாவது 2,400 ரூபாய். எங்கள் வங்கி ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் இதே பணத்தை ஒன்பது நாளுக்குக் கொடுத்திருந்தால் 237 ரூபாய்தான் கேட்டிருக்கும். மாதம் ஒன்றரை சதவீதம் என்ற உங்கள் விகிதத்தையே நாள் கணக்கில் போட்டாலும் 355 ரூபாய்தான் வருகிறது.

சரி, கட்டிவிட்டோம். தொழிலில் நேர்ந்த செலவு என்று கணக்கில் எழுதினோம். ஆண்டுத் தணிக்கையில் ஆடிட்டர் அந்தப் பதிவைச் சுற்றி வட்டம் போட்டு, இது அனுமதிக்கப்படாத செலவு என்று தம் அறிக்கையில் குறித்தார். நாங்கள் ஒப்புக்கொள்ளாமல் கணக்கில் கழித்துக் காட்டினோம். தணிக்கை அறிக்கையில் ஏற்கவில்லை என்று குறித்த செலவைக் கணக்கில் கழித்திருந்தால், விரிவான விசாரணை இல்லாமலே பரிசீலனை நிலையிலேயே அதைத் திரும்பச் சேர்க்கச் சட்டம் வழிசெய்கிறது. அப்படித்தான் சேர்த்தார்கள். பங்குதாரர் நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். ஆக, கையை விட்டுப் போன 2,400 ரூபாயை லாபம் என்று வைத்து இன்னொரு 749 ரூபாய். மொத்தம் 3,149.

இதற்குச் சொல்லப்படும் காரணம் எனக்குத் தெரியும். வருமான வரி, லாபத்திலிருந்து கட்ட வேண்டியது. அதை லாபம் ஈட்டுவதற்கான செலவாகக் கழிக்க முடியாது. எனவே அந்த வரியின் மேல் வரும் வட்டியையும் கழிக்க முடியாது. முன்கூட்டி வரியை நான் குறைத்துக் கட்டினால் வரும் வட்டியைப் பற்றி இதையே உச்ச நீதிமன்றம் பாரத் காமர்ஸ் வழக்கில் 1998-இல் சொல்லிவிட்டது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. அது என் வரி, என் வட்டி. அபராதத்தையும் நாங்கள் கழிக்கக் கேட்கவில்லை. சட்டத்தை மீறியதற்கான தண்டனையை வியாபாரச் செலவாக்கினால் அந்தத் தண்டனையில் ஒரு பங்கை அரசே சுமப்பதாகிவிடும்.

ஆனால் நான் பிடித்துக் கட்டிய 80,000 ரூபாய் என் லாபத்தின் மீதான வரி அல்லவே. அது ஒப்பந்ததாரரின் வரி, கிடங்குக்காரரின் வரி. நான் அரசுக்காகக் கூலி வாங்காமல் அதை வசூலித்துக் கொடுக்கிறவன். அந்த வேலையில் ஒரு நாள் பிந்தியதற்கான ஈடு எப்படி என் வருமான வரியின் நிறத்தைப் பெறும்? பெறும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சென்னை பிராப்பர்ட்டீஸ் வழக்கில் 1990-களின் இறுதியில் சொன்னது. அது தமிழ்நாட்டில் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. கொல்கத்தா வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமோ 2017-இல் நாராயணி இஸ்பாத் வழக்கில், இது பிறர் வரி, வட்டி ஈட்டுத்தொகை, எனவே செலவாகக் கழிக்கலாம் என்றது. அசாமிலோ வங்கத்திலோ தேயிலை அரைப்பவர் இதைத் துணிந்து கேட்டுப் பார்க்கலாம். நீலகிரியில் அரைப்பவர் கேட்க முடியாது. இலையும் ஒன்று, சட்டமும் ஒன்று.

ஜி.எஸ்.டி.யில் இதே தொழிற்சாலை எப்படி நடத்தப்படுகிறது என்பதையும் பாருங்கள். அங்கே 2 லட்சம் ரூபாயை மூன்று நாள் தாமதமாகக் கட்டினால், ஆண்டுக்கு 18 சதவீதம் என்று நாள் கணக்கில் எண்ணி 296 ரூபாய் வட்டி. அந்த வட்டி ஈட்டுத்தொகை என்பதால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு அடிப்படை பழையது. கரும்புச் செஸ் பாக்கியின் வட்டியைச் செலவாக ஏற்று 1980-இல் மகாலட்சுமி சர்க்கரை ஆலை வழக்கிலும், விற்பனை வரி பாக்கியின் வட்டியை ஏற்று லச்மன்தாஸ் மதுராதாஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஜி.எஸ்.டி.யும் நான் பிறரிடம் வசூலித்துக் கட்டுவதுதான், டி.டி.எஸ்.ஸும் அப்படியே. ஒன்றில் தாமதித்தால் வட்டியோடு போகிறது. மற்றொன்றில் வட்டிக்கு மேல் வரி.

பிடித்த வரியைக் கட்டாமலே விட்டிருந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் வேதனையானது. ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகையில் 30 சதவீதத்தைச் செலவாக ஏற்க மறுப்பீர்கள். ஆனால் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வரியைக் கட்டிவிட்டால் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு கட்டினாலும் கட்டிய ஆண்டில் ஏற்றுக்கொள்வீர்கள். பெரிய தவறு கட்டிய உடன் மன்னிக்கப்படுகிறது. அந்தத் தவறுக்காக நாங்கள் கொடுத்த வட்டி மட்டும் எந்த ஆண்டிலும் மன்னிக்கப்படுவதில்லை.

எனவே எங்கள் கோரிக்கை இதுதான்: பிடித்த வரியின் தாமத வட்டியை, அபராதத்திலிருந்து பிரித்து, தொழிற்செலவாக ஏற்க வேண்டும்.

ஏன் கடைசி நாள் வரை வைத்திருந்தீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏலத்தில் தூள் விற்றவுடன் பணம் வந்துவிடுவதில்லை. வாங்கியவர் பணம் கட்ட வேண்டிய பிராம்ப்ட் தேதி வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பணம் வந்தால்தான் இலை கொடுத்த விவசாயிகளுக்கும் ஆட்களுக்கும் பட்டுவாடா செய்து, வரியும் கட்ட முடியும். ஏழாம் தேதி வரை சட்டமே நாள் கொடுத்திருக்கிறது. கொடுத்த நாளைப் பயன்படுத்துவது குற்றமாகாது.

2025 மார்ச்சில் ஒரு சுற்றறிக்கை வந்ததை நன்றியோடு நினைக்கிறேன். கெடுவுக்குள் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டு, தொழில்நுட்பக் கோளாறால் அரசுக் கணக்கில் பிந்திச் சேர்ந்திருந்தால், தலைமை ஆணையர் நிலையில் இந்த வட்டியைத் தள்ளுபடி செய்யலாம் என்கிறது அது. எங்களுக்கு அது உதவவில்லை. கம்பியே அறுந்து கிடந்த மலையில், கணக்கிலிருந்து பணத்தைக் கழிப்பதற்கே வழி இல்லை. சமவெளியில் இருந்துகொண்டு எழுதிய விதியில், ரசீது வராமல் போவது மட்டும்தான் கோளாறாகத் தெரிகிறது. இணைப்பே இல்லாமல் போவது தெரியவில்லை. மழைக்காலம் தோறும் இங்கே சாலை அடைபடும், மலை ரயில் நிற்கும். தாங்குசுவர் கட்டுங்கள், கோபுரத்துக்கு ஜெனரேட்டர் வையுங்கள் என்று மனுக் கொடுத்து எங்கள் கை ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் இணையத்தில்தான் கட்ட வேண்டும் என்று ஆக்கிய அரசு, அந்த இணையம் அறுந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். இது உங்கள் துறையின் வேலை அல்ல, அறிவேன். ஆனால் சாலையும் கோபுரமும் தவறும்போது வட்டி கட்டுவது நாங்கள்தானே.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. நாங்கள் கூடுதலாகக் கட்டிய வரியைத் திருப்பித் தரும்போது மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி தருகிறீர்கள். அந்த வட்டியை எங்கள் வருமானம் என்று சொல்லி வரி வாங்குகிறீர்கள். உங்களிடமிருந்து வந்தால் வட்டி வருமானம். உங்களுக்குக் கொடுத்தால் அதே வட்டி செலவில்லையா?

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. பிரிவுகளின் எண்கள் மாறியிருக்கின்றன. இந்த வட்டியைப் பற்றிய குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிட்டால், ஒவ்வொரு சிறு தொழிற்சாலையும் ஆடிட்டருக்கும் மேல்முறையீட்டுக்கும், விட்ட தொகையைவிடப் பல மடங்கு செலவழிக்க வேண்டியிராது. 749 ரூபாய்க்காக யார் மேல்முறையீடு செய்வார்கள்? செய்யமாட்டார்கள். அதனால்தான் இது இத்தனை ஆண்டுகள் இப்படியே கிடக்கிறது.

கோபத்தில் சில சொற்கள் கடுமையாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாங்கள் கேட்பது சலுகை அல்ல. பிறருக்காகப் பிடித்துக் கட்டும் வரியின் தாமத வட்டியை ஈட்டுத்தொகையாகக் கருதிச் செலவாக ஏற்கும்படி ஒரு விளக்கச் சுற்றறிக்கை வெளியிடுங்கள், அதற்குச் சட்டத் திருத்தமே தேவையென்றால் அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். அத்துடன் அந்த வட்டியை ஜி.எஸ்.டி.யில் போல நாள் கணக்கில், கெடு முடிந்த மறுநாளிலிருந்து எண்ண வழி செய்யுங்கள். அதுவரை, இயற்கைப் பேரிடரால் இணைப்பே அறுந்த நாட்களுக்கும் அந்த மார்ச் சுற்றறிக்கையின் தள்ளுபடியை நீட்டியருள வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று மின்சாரம் இல்லை என்பதற்கு மின்வாரியப் பதிவேடு இருக்கிறது. சாலை அடைபட்டதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு இருக்கிறது. கேட்டால் இரண்டின் நகலையும் அனுப்புகிறேன்.

மரியாதையுடன்,
கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைப் பங்குதாரர் ஒருவர்