பாட்டி தலையாட்டிய வரி

அன்புள்ள மகளுக்கு,

பாட்டியைப் பற்றி நீ எழுதிய கட்டுரையின் முதல் பிரதியையும், பலரிடம் கருத்துக் கேட்டுத் திருத்திய கடைசிப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடைசிப் பிரதியில் பிழை இல்லை. ஆனால் எழுதியது நீதான் என்று உறையைப் பார்த்தால்தான் தெரியும். "எங்கே கெட்டுப்போனது என்றே புரியவில்லை" என்று எழுதியிருந்தாயே, ஓர் இடத்தை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் நீ எழுதியது: "பாட்டிக்குக் காது கேட்காது என்று எங்களுக்குத் தெரியவே ரொம்ப நாளாயிற்று. அவ்வளவு அழகாகத் தலையாட்டுவாள்."

இப்போது இருப்பது: "பாட்டியின் செவித்திறன் குறைபாடு குடும்பத்தினரால் மிகத் தாமதமாகவே உணரப்பட்டது. உரையாடல்களின்போது அவர் தலையசைத்துச் சமாளித்து வந்தார்."

என்னைப் பெற்றவளை முதல் வரியில் எனக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டாவதில் யாரோ ஒரு நோயாளி இருக்கிறார்.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. "ரொம்ப" பேச்சு வழக்கு என்று ஒருவர் சொன்னார், "மிக" வந்தது. "எங்களுக்கு என்றால் யாருக்கு?" என்று இன்னொருவர் கேட்டார், "குடும்பத்தினர்" வந்தார்கள். பெரியவரை "ஆள்" விகுதியில் எழுதலாமா என்று ஒருவருக்குச் சங்கடம். இரண்டு வாக்கியத்துக்கும் தொடர்பு விளங்கவில்லை என்றார் மற்றொருவர், அதற்காக "சமாளித்து" என்று விளக்கம் சேர்த்தாய். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான். ஆனால் ஒவ்வொருவரும் படித்தது அவருக்கு முந்தையவர் சொல்லித் திருத்திய பிரதியை. முதல் பிரதியோடு யாருமே ஒப்பிடவில்லை, நீ உட்பட. அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் மாறியது போலத் தெரிந்திருக்கும்.

போனது என்ன என்று பார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நீ ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தாய். கேட்காததை மறைக்கத்தான் தலையாட்டினாள் என்பதைப் படிப்பவரே கண்டுபிடித்துச் சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்ட இடம் அது. "சமாளித்து" என்ற ஒரு சொல் அதை அடைத்துவிட்டது. "தெரியவே" என்பதில் இருந்த ஏகாரம் நீ பேசும்போது இழுக்கும் இழுப்பு. "உணரப்பட்டது" என்று எழுதியதும் அதற்கு இடமில்லாமல் போயிற்று. என்னைக் கேட்டால், "பட்டது" வந்து விழும் இடத்தில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அதற்காக எல்லாக் கருத்தையும் தூக்கிப் போடாதே. "யாருக்கு?" என்று கேட்டவர் உண்மையிலேயே அங்கே தடுக்கி நின்றிருக்கிறார். தடுக்கிய இடத்தைப் பற்றிப் படிப்பவர் சொன்னால் நம்பு. அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, அதை நீதான் எழுத வேண்டும். இப்படி எழுதியிருக்கலாம்: "பாட்டிக்குக் காது கேட்காது என்பது வீட்டில் எங்கள் யாருக்கும் ரொம்ப நாள் தெரியாது. அவ்வளவு அழகாகத் தலையாட்டுவாள்." கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, பாட்டியும் பாட்டியாகவே இருக்கிறாள். "தலையாட்டுவாள்" அப்படியே இருக்கட்டும். நீ அவளை வாழ்நாளில் "அவர்" என்று சொன்னதில்லை.

முதல் பிரதியில் இருப்பதெல்லாம் உன் குரல் என்றும் நினைத்துக்கொள்ளாதே. பத்திக்குப் பத்தி "உண்மையில்" என்று ஆரம்பித்திருந்தாய். அதை எடுத்தாலும் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது வெறும் கைப்பழக்கம். "அவ்வளவு அழகாக" என்பதை எடுத்துப் பார், பாட்டியின் மேல் உனக்கிருக்கும் வாஞ்சையும் கேலியும் சேர்ந்து போய்விடும். நான் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான்.

சரி, இனி செய்ய வேண்டியது. முதல் பிரதியைத் தனிப் பெயரில் சேமித்து வை, அதில் கை வைக்காதே. உயிரில்லை என்று தோன்றும் பத்தி எதுவோ, எல்லாப் பிரதிகளையும் மூடிவிட்டு, கட்டுரையைப் படிக்காத ஒருவருக்கு அதை வாயால் சொல். போனில் பதிவு செய்துகொள். கேட்டுப் பார்த்தால் சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பாய், நடுவில் எங்கெங்கோ போயிருப்பாய். அதை அப்படியே இறக்கி எழுதினால் வளவளவென்றுதான் இருக்கும். எதை முதலில் சொன்னாய், எந்த இடத்தில் விளக்காமல் தாண்டிப் போனாய் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தியைப் புதிதாக எழுது. கடைசிப் பிரதியின் வாக்கியங்களை ஒட்டுப் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதே, அவை மறுபடி தங்கள் நடைக்கே உன்னை இழுத்துக்கொண்டு போகும்.

எல்லாப் பத்திக்கும் இது தேவையில்லை. பாட்டி ஊர் மாறி வந்த பகுதி வெறும் தகவல், திருத்திய பிறகு தெளிவாகவே இருக்கிறது. அதை விட்டுவிடு. காது மிஷின் வாங்கிய பத்தியும், அவள் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு சண்டை போட்ட பத்தியும்தான் மோசம். அந்த இரண்டையும் முடித்ததும் அனுப்பு. அதுவரை வேறு யாரிடமும் கருத்துக் கேட்காதே, என்னிடமும்தான்.

அன்புடன்,
அப்பா