பாம்பனில் பிப்ரவரி 21 அன்று மேடையேறும் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கச்சிக்கு,

தாய்மொழி நாள் பேச்சுக்கு நீ எழுதி அனுப்பிய நான்கு பக்கத்தையும் படித்தேன். தமிழ் மீது உனக்குள்ள பாசம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் ஒரு பென்சிலை எடுத்து "விட", "மட்டுமே", "வேறு எந்த மொழியிலும் இல்லாத" என்று வரும் இடங்களில் கோடு போட்டுப் பார். நான் எண்ணியதில் 14 கோடு விழுந்தது. பேச்சில் பாதி தமிழைப் பற்றியே இல்லை, மற்ற மொழிகளின் குறையைப் பற்றி இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் தமிழைப் பற்றி நீ சொல்ல வைத்திருப்பது என்ன என்று கேட்டுப் பார்த்தால், ஒரு பத்தி கூட மிஞ்சவில்லை. அந்த இடத்தை எதை வைத்து நிரப்பலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் இரண்டு பிழைகளைத் திருத்திவிடு. "ழ உலகிலேயே தமிழில் மட்டுமே உண்டு" என்று எழுதியிருக்கிறாய். கோழிக்கோடு, ஆலப்புழை என்று மலையாளிகள் தங்கள் ஊர்ப்பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார். அதே ழகரம்தான், அதற்கென்று அவர்களிடம் தனி எழுத்தும் இருக்கிறது. அடுத்து "இந்தியாவின் ஒரே செம்மொழி". இந்திய அரசு 2004இல் முதன்முதலாகச் செம்மொழி என்று அறிவித்தது தமிழைத்தான். பிறகு சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா என்று வரிசையாக வந்து, 2024இல் ஐந்து மொழிகளைச் சேர்த்தபோது கணக்கு 11 ஆனது. "ஒரே" என்பதை "முதல்" என்று மாற்று. ஒரே ஒரு சொல் மாறினால் வரியும் உண்மையாகும், பெருமையும் அப்படியே நிற்கும்.

கூட்டத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமென்றால் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். உருது பேசும் வீடு உண்டு, தெலுங்கு பேசும் வீடு உண்டு. மண்டபத்தில் கடலோரக் காவல்படை வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுக் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம். அன்று அந்தப் பிள்ளைகளுக்கும் தாய்மொழி நாள்தான். "செத்த மொழி", "கலப்பட மொழி" என்று நீ மைக்கில் சொன்னால் முன்வரிசையில் கைதட்டு விழும், நடுவரிசையில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

இந்த நாளின் பிறப்பும் இதைத்தான் சொல்கிறது. ஆகவே பேச்சை அங்கிருந்தே தொடங்கு. கிழக்குப் பாகிஸ்தானில் பெரும்பாலோர் பேசியது வங்காளம். அரசோ உருது ஒன்றே நாட்டு மொழி என்றது. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் தடையை மீறித் திரண்டார்கள், காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. அவர்கள் கேட்டது என்ன என்பதைக் கவனி. உருதுவை எடுத்துவிடு என்று கேட்கவில்லை, வங்காளத்தையும் நாட்டு மொழியாக்கு என்றுதான் கேட்டார்கள். 1956இல் வந்த பாகிஸ்தான் அரசியலமைப்பு இரண்டையும் ஏற்றது. அந்த "உம்" விகுதியில்தான் அந்தப் போராட்டமே இருக்கிறது. "வங்காளத்தையும்" என்று சொல்லும்போது அந்த "யும்" மீது குரலை வைத்து, ஒரு மூச்சு நிறுத்திவிட்டு மேலே போ. ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும்: யுனெஸ்கோ அறிவித்தது 1999 நவம்பரில், உலகம் கடைப்பிடிக்கத் தொடங்கியது 2000இல். நீ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாய். ஜனவரி 25 நம் மொழிப்போர் தியாகிகள் நாள், அது வேறு. அதைச் சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல். ஆனால் எதிர்த்தது இந்தித் திணிப்பை என்று தெளிவாகச் சொல். அந்த மொழியைப் பேசுகிறவர்களை எதிர்த்ததாகக் கேட்பவர் காதில் விழுந்துவிடக் கூடாது.

இனி பேச்சின் வயிற்றுப் பகுதி. உலகத்தையெல்லாம் சுற்றாதே, உன் கரையிலிருந்து ஒரு பொருளை எடு. நான் உனக்காக எடுத்தது காற்று.

கடலுக்குப் போகிறவர்கள் எவரும் "காற்று அடிக்கிறது" என்பதோடு நிறுத்த மாட்டார்கள், எந்தக் காற்று என்று சொல்வார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். தெற்கிலிருந்து சோழகம். மேற்கிலிருந்து கச்சான். வலையை எந்தப் பக்கம் இறக்குவது, படகை எங்கே கட்டுவது, இன்று போவதா வேண்டாமா என்பதெல்லாம் இந்த நான்கு சொல்லில் முடிந்துவிடும். பழைய இலக்கியத்தில் இந்த நால்வரின் பெயர் வாடை, கொண்டல், தென்றல், கோடை. பத்துப்பாட்டில் ஒரு பாட்டின் பெயரே நெடுநல்வாடை. ஆக, நான்கில் இரண்டு பெயர்கள் கடற்கரையில் இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய தமிழ் உயிரோடிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று மேடையில் காட்ட முடியாது. "ஈராயிரம் ஆண்டுத் தொன்மை" என்று வெறுமனே சொன்னால் காதில் தங்காது. "காலையில் எங்கப்பா வாடை விழுந்திருச்சுன்னார், அந்தச் சொல் சங்கப் பாட்டில் இருக்கிறது" என்று சொல், கேட்கிற பிள்ளை வீட்டுக்குப் போய் தன் அப்பாவிடம் கேட்கும்.

அடுத்த படி ஒரு சொல் ஆழம் போகிறது. பழந்தமிழில் காற்றுக்குக் "கால்" என்றும் பெயர். அதர் என்றால் வழி. கால் வரும் வழி, காலதர். சிலப்பதிகாரத்தில் வீட்டுச் சாளரத்துக்கு இந்தப் பெயர் வருகிறது, அதுவும் "மான்கண் காலதர்", மானின் கண் போன்ற சாளரம் என்று. ஆங்கிலத்தில் "விண்டோ" என்கிறார்களே, அது வடக்கே நார்வே பக்கத்துப் பழைய மொழியிலிருந்து அங்கே போன சொல், அதன் பொருள் "காற்றின் கண்". ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் சுவரில் ஓட்டை போட்டுவிட்டு, அதில் காற்றையும் கண்ணையும் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தை இகழ்ந்து நீ எழுதிய அரைப் பக்கத்தை எடுத்துவிட்டு இந்த மூன்று வரியை வை.

இங்கே யாராவது, "அப்படியானால் நாம் ஏன் ஜன்னல் என்கிறோம்?" என்று கேட்பார்கள். ஜன்னல் போர்த்துகீசியச் சொல். சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்களோடு வந்தவைதான். "தமிழ் யாரிடமும் கடன் வாங்கியதில்லை" என்ற உன் வரி அதனால்தான் நிற்காது. ஆனால் அவர்களும் சும்மா போகவில்லை. முத்துக்குளித்துறைக் கரையில் தமிழ் கற்று வாழ்ந்த என்றிக்கே என்றிக்கசு என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழி ஒன்று தன் எழுத்திலேயே இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் அது. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் இரட்டை உடல் படகுக்குப் பெயராகிவிட்டது. கொடுத்ததையும் வாங்கியதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சை யாரும் மறுக்க முடியாது.

கடைசிப் படிக்கு உன் வகுப்புத் தோழிகள் வேண்டும். தெலுங்கு வீட்டுப் பிள்ளையைக் காற்றுக்கு அவர்கள் சொல் என்ன என்று எழுந்து சொல்லச் சொல். "காலி" என்பாள், முதல் எழுத்தைத் தங்கத்தில் வரும் க போல ஒலித்து. நமக்குக் காலி என்றால் வெறுமை, எனவே கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவள் மீது விழ விடாதே. உடனே, "நம் 'கால்' தான் அவர்களிடம் 'காலி', கன்னடத்திலும் ஏறக்குறைய அப்படித்தான், மலையாளத்தில் காற்று" என்று சொல்லிவிடு. தமிழ் இவற்றுக்கெல்லாம் தாய் என்று நீ எழுதியிருந்தாய். மொழியியலார் இவற்றை ஒரே மூலத் திராவிடத்திலிருந்து வந்த உடன்பிறப்புகள் என்கிறார்கள். அக்கா என்று சொல்லலாம், அம்மா என்று சொல்லாதே. உருது வீட்டுப் பிள்ளை "ஹவா" என்பாள், அது வேறு குடும்பம், அதையும் அப்படியே கேட்டு வாங்கிக்கொள். சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளையிடம் முன்னாளே கேட்டு, சொல்லைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொள். மேடையில் தோழியின் மொழியைக் கடித்துச் சொன்னால் நல்ல எண்ணமே கேலியாகிவிடும்.

நேரம் 5 நிமிடம். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் போகும், ஆகவே மொத்தம் 450 சொல்லுக்குள் நிறுத்து. நீ அனுப்பியது 800ஐத் தாண்டுகிறது. அவசரமாக ஓட்டினால் முதலில் அடிபடுவது ழகரம். அவை வணக்கத்துக்கு 30 சொல் போதும். தலைவர் முதல் காவலாளி வரை பெயர் சொல்லிக்கொண்டே போனால் ஒரு நிமிடம் அங்கேயே போய்விடும். டாக்காவுக்கு 90, நான்கு காற்றுக்கு 130, காலதரும் ஜன்னலும் 110, தோழிகளின் சொற்களுக்கு 70, முடிப்புக்கு 20. மனப்பாடம் செய்யாதே. ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராமல் நின்றுவிடுவாய். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொல் எழுது: யும், வாடை, காலதர், கட்டுமரம், காலி. ஒவ்வொன்றும் ஒரு பகுதியை இழுத்துவரும்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று. நம் தென்கரைப் பேச்சில் ழ, ள இரண்டும் ள தான். வீட்டில் அப்படியே பேசு, அதில் ஒரு குறையும் இல்லை. மேடையில் தமிழின் பெயரையே "தமிள்" என்று சொல்லிவிட்டால் மட்டும் உன் பேச்சு சறுக்கும். வாளை மீனையும் வாழை மரத்தையும் எடுத்துக்கொள். வாளையில் நாக்கின் நுனி மடங்கி மேலண்ணத்தைத் தொடும். வாழையில் அதே அளவு மடங்கும், ஆனால் தொடாது, காற்று நடுவில் நழுவிப் போகும். இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு நாளைக்கு 20 தடவை சொல். நாக்கு தொட்டுவிட்டதா என்று உனக்கே தெரியும்.

விழா திறந்தவெளியில் என்றால், காற்று மைக்கில் அடித்து உறுமும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், நான்கு விரல் தள்ளி, கன்னத்துப் பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடி. முதுகைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நில்.

பேச்சை எங்கே முடிப்பது என்று கேட்டிருந்தாய். "வாழ்க", "ஒழிக" இரண்டும் வேண்டாம். அன்று காலை எந்தக் காற்று அடித்ததோ அதன் பெயரைச் சொல்லி, "இந்தக் காற்றுக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?" என்று கூட்டத்தைக் கேட்டுவிட்டு இறங்கு.

நான்கு பெயரும் ஊருக்கு ஊர் கொஞ்சம் நகரும். கச்சானை உங்கள் கரையில் நேர் மேற்குக்குச் சொல்கிறார்களா, தென்மேற்கையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று அப்பாவிடம் கேட்டு எழுது. அவர் சொன்னபடியே பேச்சில் வை.

அன்புடன்,
உன் அக்கா